தேர்வுக் கட்டணம் இரண்டு தடவை போய்விட்டதா? கூடுதல் தொகையைத் திரும்ப வாங்கும் வழி

பல்கலைக்கழகத் தளத்தில் ஒரே கட்டணம் இரண்டு தடவை பிடிக்கப்பட்டுவிட்டால் எல்லாரும் முதலில் கேட்பது, "யாரிடம் போய்க் கேட்பது?" என்றுதான். வங்கிக்குப் போனால் பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொல்வார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போனால் வங்கியைக் கேட்கச் சொல்வார்கள். இரண்டு பேர் சொல்வதும் சில சமயம் சரியாகவே இருக்கும், அதுதான் சிக்கல். அதனால் யாரிடமும் போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்தக் கூடுதல் பணம் இப்போது எங்கே நிற்கிறது?

அது இரண்டு இடங்களில்தான் இருக்க முடியும். ஒன்று, உங்கள் வங்கியை விட்டுக் கிளம்பிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராமல் நடுவழியில். மற்றொன்று, பல்கலைக்கழகத்தின் கணக்கில். நடுவழியில் நின்ற பணம் பெரும்பாலும் தானாகத் திரும்பி வரும். பல்கலைக்கழகக் கணக்குக்குப் போய்விட்ட பணம், நீங்கள் எழுதிக் கேட்காமல் பெரும்பாலும் அசையாது. முதல் வகைக்குப் பொறுமை போதும், இரண்டாம் வகைக்கு மனு வேண்டும். எந்த வகை என்று தெரியாமலேயே மனு எழுதுகிறவர்களும் உண்டு, எழுத வேண்டிய நேரத்தில் மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு.

எப்படி இரண்டு தடவை போகிறது

நீங்கள் "Pay" பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் தளம் ஒரு புது ஆர்டர் எண்ணை உருவாக்கி, உங்களைப் பணம் வாங்கும் கேட்வேக்கு அனுப்புகிறது. பில்டெஸ்க், எஸ்பிஐ கலெக்ட் போன்றவை இந்த வேலையைச் செய்கின்றன. பணம் பிடிக்கப்பட்டதும் கேட்வே அந்தச் செய்தியைத் தளத்துக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசி நாள் இரவில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாகக் கட்டும்போது அந்தச் செய்தி தாமதமாகப் போகும், அல்லது போகவே போகாது. வங்கியில் பணம் கழிந்திருக்கும், தளத்திலோ "Pending" என்றோ "Failed" என்றோ காட்டும். பயந்துபோய் மறுபடியும் கட்டுவீர்கள். அது வேறு ஆர்டர் எண். மறுநாள் காலை தளமும் கேட்வேயும் கணக்கை ஒத்துப்பார்க்கும்போது முதல் ஆர்டரும் "Success" ஆகிவிடும். தளத்தைப் பொறுத்தவரை அவை இரண்டு தனித்தனி ஆர்டர்கள். இரண்டும் ஒரே தேர்வுக்கு என்று அது தானாகக் கண்டுபிடிப்பதில்லை.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே மேலே போகலாம். பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர் இரண்டு அரியர் சேர்த்து ₹1,435 கட்ட வேண்டும். அபராதம் இல்லாமல் கட்டக் கடைசி நாள் அக்டோபர் 14. அன்று இரவு 9.42-க்கு அப்பாவின் போனிலிருந்து யூபிஐ வழியாகக் கட்டுகிறார். பணம் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது, தளத்தில் "Pending". சற்றுப் பொறுத்துவிட்டு 9.58-க்குத் தன் டெபிட் கார்டில் கட்டுகிறார். இது உடனே "Success" ஆகி, ரசீதும் வருகிறது.

அவர் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கடைசித் தேதி தலைக்குமேல் நிற்கும்போது, முதல் தடவை என்ன ஆனது என்று தெரியாத நிலையில், இரண்டாம் தடவை கட்டுவதே நல்லது. பணம் திரும்பக் கிடைக்கும், தவறிய தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான் வரும். ஆனால் கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தால் மறுநாள் காலை வரை பொறுங்கள். பல தளங்களில் "Verify Payment" அல்லது "Check Payment Status" என்றொரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் தளம் கேட்வேயிடம் மறுபடி கேட்டு நிலையைத் திருத்திக்கொள்ளும். இரண்டாம் தடவை கட்டியே ஆக வேண்டுமென்றால் இந்த மாணவி செய்ததைப்போல வேறு வழியில் கட்டுங்கள். ஒன்று யூபிஐ, ஒன்று கார்டு என்றால் பின்னால் எது எது என்று பிரித்துச் சொல்வது சுலபம்.

அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, பல்கலைக்கழகத் தளம் கொடுத்த ஆர்டர் எண். மற்றொன்று, வங்கிப் பக்கத்து எண். யூபிஐ என்றால் இது 12 இலக்க எண். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கூகுள் பேயில் "UPI transaction ID" என்றும் "Google transaction ID" என்றும் இரண்டு இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த இரண்டாவது, அந்தச் செயலியின் சொந்த எண். அலுவலகத்தில் அதைக் கொடுத்தால் யாராலும் தேட முடியாது. 12 இலக்கத்தில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். போன்பேயில் அதே எண் "UTR" என்ற பெயரில் இருக்கும். எஸ்பிஐ கலெக்டில் கட்டியிருந்தால் DU என்று தொடங்கும் குறிப்பு எண் கிடைக்கும். ரசீது தவறிப்போனாலும் அந்தத் தளத்தின் "Payment History" பகுதியில், கட்டும்போது கொடுத்த பிறந்த தேதியையும் மொபைல் எண்ணையும் போட்டு மறுபடி எடுத்துவிடலாம்.

அப்புறம் வங்கிக் கணக்கு அறிக்கை. இதை மட்டும் ஒரு வாரம் கழித்து எடுக்க வேண்டும். போன் திரையைப் படம் பிடித்து வைத்தால் போதாது. வங்கியின் செயலியிலிருந்தோ தளத்திலிருந்தோ பிடிஎஃப் ஆக இறக்குங்கள். ஆறு மாத அறிக்கையை எடுத்து மற்ற வரிகளை மையால் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. திருத்தியதைப்போலத் தெரிகிறது என்று சில அலுவலகங்கள் அதை வாங்குவதில்லை. இறக்கும்போதே தேதியை அக்டோபர் 14 முதல் 21 வரை என்று போட்டால் போதும். அந்த வாரத்தில் பணம் திரும்ப வரவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. நம் மாணவிக்கு இரண்டு அறிக்கை வேண்டும், யூபிஐ அப்பாவின் கணக்கிலிருந்து போனதால்.

ஐந்து நாள் பொறுங்கள்

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஒரு சுற்றறிக்கை விட்டது. யூபிஐயிலோ, இணையத்தில் கார்டு வழியாகவோ கட்டிய பணம் கணக்கில் கழிந்து, பணம் வாங்கும் இடத்தில் உறுதியாகவில்லை என்றால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும் என்பது அதன் விதி. பணம் கட்டிய நாளைத் தள்ளிவிட்டு ஐந்து காலண்டர் நாள்கள், விடுமுறையும் சேர்த்துத்தான் கணக்கு. அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 இழப்பீடு, வாடிக்கையாளர் கேட்காமலேயே சேர்க்கப்பட வேண்டும். அக்டோபர் 14-இல் கட்டியவருக்கு 19-ஆம் தேதி வரை அவகாசம்.

இந்த விதி தோல்வியடைந்த பரிவர்த்தனைக்கு மட்டுமே. இரண்டும் வெற்றி என்றால் வங்கியின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை, ₹100 கணக்கும் கிடையாது. அதனால்தான் ஆறாம் நாள் தளத்தை மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.

அக்டோபர் 20 காலை மாணவி உள்ளே போய்க் கட்டண வரலாற்றைப் பார்க்கிறார். மூன்றில் ஒன்று நடந்திருக்கும். அப்பாவின் கணக்குக்கு ₹1,435 திரும்பியிருந்தால் கதை முடிந்தது. திரும்பவில்லை, தளத்திலும் முதல் ஆர்டர் "Failed" அல்லது "Pending" என்றே நின்றால், பணம் நடுவழியில் இருக்கிறது. வங்கியைப் பிடிக்க வேண்டும். திரும்பவில்லை, தளத்தில் இரண்டு ஆர்டரும் "Success" என்றால், பணம் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. நம் மாணவிக்கு மூன்றாவதுதான்.

நடுவழியில் நிற்பவர்களுக்குச் சுருக்கமாக: யூபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, அங்கேயே புகார் பதியுங்கள். கூடவே வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. அவர் வங்கிகளையும் கட்டண நிறுவனங்களையும் கேட்பார், பல்கலைக்கழகத்தைக் கேட்க மாட்டார்.

மனு

பல்கலைக்கழகத்துக்குள் இந்த விஷயம் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் விழுகிறது. தேர்வுப் பிரிவிடம் யார் கட்டினார்கள் என்ற பட்டியல் இருக்கும், பதிவெண் வாரியாக. நிதிப் பிரிவிடம் கேட்வே அனுப்பிய தொகைப் பட்டியல் இருக்கும், ஆர்டர் எண் வாரியாக. தேர்வுப் பிரிவுக்கு உங்களைத் தெரியும், பணத்தைத் தெரியாது. நிதிப் பிரிவுக்குப் பணத்தைத் தெரியும், உங்களைத் தெரியாது. மனுவில் பதிவெண் மட்டும் இருந்தாலோ, 12 இலக்க எண் மட்டும் இருந்தாலோ அது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருப்பது இதனால்தான். இரண்டையும் ஒரே தாளில் சேர்த்துக் கொடுங்கள்.

மற்றொன்று, எந்த ஆர்டரைத் திருப்ப வேண்டும் என்று நீங்களே சொல்ல வேண்டும். தேர்வு விண்ணப்பத்தோடு இணைந்திருப்பது ஒரே ஓர் ஆர்டர்தான். விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியில் அந்த எண் இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் உங்கள் விண்ணப்பம் கட்டணம் கட்டாததாகிவிடும், ஹால் டிக்கெட் வராது. முதலில் கட்டியதா, இரண்டாவது கட்டியதா என்பது இங்கே முக்கியமில்லை. விண்ணப்பத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்து, மற்றதைக் கேளுங்கள்.

நம் மாணவியின் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

> அனுப்புநர்: பெயர், பதிவெண், வகுப்பு, கல்லூரி, மொபைல் எண், மின்னஞ்சல்
>
> பெறுநர்: நிதி அலுவலர், பல்கலைக்கழகத்தின் பெயர்
>
> வழி: கல்லூரி முதல்வர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்
>
> பொருள்: நவம்பர் தேர்வுக் கட்டணம் இருமுறை செலுத்தப்பட்டது – கூடுதல் தொகை ₹1,435 திரும்பக் கோருதல்
>
> ஐயா/அம்மா,
>
> நவம்பர் தேர்வுக்கான கட்டணம் ₹1,435, அக்டோபர் 14 அன்று தளக் கோளாறால் இருமுறை செலுத்தப்பட்டுவிட்டது.
>
> (அ) இரவு 9.42, யூபிஐ. ஆர்டர் எண் ……, 12 இலக்க எண் ……, தந்தையின் வங்கிக் கணக்கு.
>
> (ஆ) இரவு 9.58, டெபிட் கார்டு. ஆர்டர் எண் ……, வங்கிக் குறிப்பு எண் ……, என் வங்கிக் கணக்கு.
>
> தளத்தில் இரண்டும் வெற்றி எனக் காட்டுகின்றன. என் தேர்வு விண்ணப்பத்துடன் இணைந்திருப்பது (ஆ). எனவே (ஆ)-வை அப்படியே வைத்துக்கொண்டு, (அ)-வில் செலுத்திய ₹1,435-ஐ மட்டும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்டோபர் 21 வரை இத்தொகை வங்கிக் கணக்கில் திரும்ப வரவு வைக்கப்படவில்லை.
>
> இணைப்பு: விண்ணப்பப் பிரதி, இரண்டு ரசீதுகள், இரண்டு கணக்கு அறிக்கைகள், தந்தையின் பாஸ்புக் முதல் பக்கம்.

"தயவுகூர்ந்து", "ஏழை மாணவி" போன்றவை எதுவும் வேண்டாம். இது சலுகை கேட்கும் மனு இல்லை. இன்னொன்று, தளங்களில் "ஒருமுறை செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படாது" என்று எழுதியிருப்பதை எடுத்துக் காட்டுவார்கள். அந்த வரி பொதுவாக, விண்ணப்பித்துவிட்டுத் தேர்வு எழுதாமல் போகிறவர்களுக்கானது. நீங்கள் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவில்லை, கட்டணத்துக்குமேல் போனதைக் கேட்கிறீர்கள். அதனால்தான் கடிதத்தில் "கூடுதல் தொகை" என்றே எழுதியிருக்கிறது. ஆனால் ஒரே படிப்புக்கு இரண்டு விண்ணப்ப எண் உருவாக்கி இரண்டுக்கும் கட்டியிருந்தால் அது வேறு கதை. அவர்கள் கணக்கில் அது இரண்டு விண்ணப்பம், அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

இணைப்புக் கல்லூரி மாணவர் என்றால் முதல்வர் கையெழுத்தோடு, முகப்புக் கடிதம் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்கள் நேராகவே அனுப்பலாம். மின்னஞ்சலும் அனுப்புங்கள், ஆனால் தாளில் ஒன்று போயே ஆக வேண்டும். நேரில் கொடுத்தால் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரையும் வரவு எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள். தெரிந்தவர் மேசையில் வைத்துவிட்டு வரும் கடிதத்துக்கு எண் கிடையாது. எண் இல்லாத கடிதத்தைப் பின்னால் தேட முடியாது. தூரமாக இருந்தால் ஸ்பீடு போஸ்ட்.

யார் கணக்குக்குத் திரும்பும்

கேட்வே வழியாகத் திருப்பினால் பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேயேதான் போகும். நம் உதாரணத்தில் அப்பாவின் கணக்குக்கு. பிரௌசிங் சென்டரில் கட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கடைக்காரர் தன் கணக்கிலிருந்து கட்டிவிட்டு உங்களிடம் ரொக்கம் வாங்கியிருந்தால், திரும்பும் பணம் அவருடைய கணக்குக்குத்தான் போகும். அந்த 12 இலக்க எண்ணும் அவருடைய செயலியில்தான் இருக்கும். அன்றைக்கே அவரிடம் அந்த எண்ணை எழுதி வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் கட்டுகிறவர் மூன்று மாதம் கழித்து உங்கள் ₹1,435-ஐத் தேடிப் பிடிக்க மாட்டார்.

சில பல்கலைக்கழகங்கள் கேட்வே வழியாக இல்லாமல், நீங்கள் கொடுக்கும் கணக்குக்குத் தனியாக அனுப்பும். அதற்குத்தான் பாஸ்புக் முதல் பக்கம். கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பள்ளியில் படிக்கும்போது உதவித்தொகைக்காகத் திறந்து, வருடக்கணக்கில் தொடாமல் விட்ட கணக்கைக் கொடுத்தால் பணம் போய் முட்டித் திரும்பிவிடும்.

கேட்வேக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் தனியாகப் பிடிக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் திரும்ப வராது. சில ரூபாய் குறைந்து வந்தால் ரசீதில் அந்த வரியைப் பாருங்கள்.

வங்கியில் தகராறு போடலாமா

கார்டில் கட்டியவர்களிடம், "வங்கியில் சார்ஜ்பேக் போடு, உடனே வந்துவிடும்" என்று நண்பர்கள் சொல்வார்கள். கார்டில் போன பணத்தின்மேல் வங்கியில் தகராறு பதிந்து திரும்பக் கேட்பதுதான் சார்ஜ்பேக். வழி உண்டுதான். ஆனால் இந்த விஷயத்தில் அதைக் கடைசிக்கு வையுங்கள். வங்கிக்கு உங்கள் ஹால் டிக்கெட் பற்றித் தெரியாது. இரண்டும் ஒரே கார்டில், ஒரே தொகையில் போயிருந்தால் விண்ணப்பத்தோடு இணைந்த பரிவர்த்தனையின்மேலேயே தகராறு பதிவாகிவிடலாம். அது நடந்தால் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் ஓட வேண்டியிருக்கும். மனுவும் சார்ஜ்பேக்கும் ஒன்றாக நடந்து இரண்டு பக்கமும் பணம் வந்துவிட்டால், பல்கலைக்கழகம் ஒன்றைத் திரும்பக் கேட்கும். மனு கொடுத்துப் பலிக்கவில்லை என்றால் மட்டும், தேர்வு முடிந்தபின், சரியான குறிப்பு எண்ணோடு போடுங்கள். அதற்கும் காலக்கெடு உண்டு என்பதால் உங்கள் வங்கியில் கெடுவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பொது நுழைவுத் தேர்வுகளில் நிலைமை கொஞ்சம் லேசு. தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் போன்றவற்றின் தகவல் கையேட்டிலேயே, இருமுறை செலுத்திய தொகை கணக்குச் சரிபார்ப்புக்குப் பின் செலுத்திய வழியிலேயே திருப்பப்படும் என்று எழுதியிருப்பார்கள். அங்கே மனுவைவிடக் காத்திருப்புதான் அதிகம்.

பதில் வராவிட்டால்

மனு கொடுத்து ஒரு மாதம் போனதும் வரவு எண்ணைச் சொல்லி நிதிப் பிரிவில் கேளுங்கள். "பார்க்கிறோம்" என்ற பதிலோடு வந்துவிடாதீர்கள், கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேளுங்கள். மார்ச் 31-க்கு முன் முடிக்கப் பாருங்கள். நிதியாண்டு மாறிவிட்டால் போன ஆண்டு வரவைத் திருப்ப இன்னொரு ஒப்புதல், இன்னொரு தணிக்கைக் கேள்வி என்று இழுக்கும்.

அதிலும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தமிழக அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ₹10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். "என் பணத்தை ஏன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை. இன்ன வரவு எண் கொண்ட என் மனுவின்மேல் எந்தெந்தத் தேதியில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், இருமுறை செலுத்திய கட்டணத்தைத் திருப்புவதற்கான விதியின் நகல் என்று கேளுங்கள். இந்தச் சட்டம் பணத்தைத் திருப்பித் தர உத்தரவு போடாது. ஆனால் பதில் எழுதுவதற்காக ஒருவர் அந்தக் கோப்பைத் தேடி எடுத்தாக வேண்டும். எடுத்த கோப்பை முடித்துவிடுவதே அவருக்குச் சுலபம். தமிழக அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 1100-ஐ அழைத்து, முதலமைச்சரின் குறைதீர்ப்புப் பிரிவான "முதல்வரின் முகவரி"யிலும் புகார் பதியலாம்.

இதற்கிடையில் ஒரு எச்சரிக்கை. பல்கலைக்கழகத்தின் உதவி எண்ணைக் கூகுளில் தேடி வரும் முதல் எண்ணுக்குப் போன் போடாதீர்கள், பரிவர்த்தனை எண்ணைப் போட்டுச் சமூக ஊடகத்தில் புகார் எழுதாதீர்கள். "ரீஃபண்ட் பிரிவிலிருந்து பேசுகிறோம்" என்று அழைப்பு வரும். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின்னையோ ஓடிபியையோ கேட்டால், கியூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால், போனை வைத்துவிடுங்கள்.

"ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்" என்று பல்கலைக்கழகம் சொன்னபின் ஒரு வாரம் ஆகியும் கணக்கில் வரவில்லை என்றால், அனுப்பிய தேதியையும் குறிப்பு எண்ணையும் கேட்டு வாங்கி உங்கள் வங்கியில் காட்டுங்கள். கார்டுக்குத் திருப்பியிருந்தால் அது 23 இலக்க எண்ணாக இருக்கும், அதை வைத்து வங்கி தேடிவிடும். எண் தர முடியவில்லை என்றால் அவர்கள் இன்னும் அனுப்பவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.